"எப்ப கூப்பிட்டாலும் வருவேன் சார்!" இந்த ஒரு பதிலால் கைக்கு வந்த வேலை போகும்

[தொடக்கம்: கேமராவைப் பார்த்து]

தீபாவளி சீசன். தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. வாசலில் "பகுதி நேர வேலைக்கு ஆட்கள் தேவை" என்று போர்டு. நீங்கள் உள்ளே போகிறீர்கள். ஃப்ளோர் மேனேஜர் கேட்கிறார்: "எந்த நேரத்துக்கு வர முடியும்?" நீங்கள் முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்கிறீர்கள்: "எப்ப கூப்பிட்டாலும் வருவேன் சார்!"

அவர் "சரிப்பா, நம்பர் குடுத்துட்டுப் போ, கூப்பிடுறோம்" என்கிறார். அந்தப் போன் வராது.

ஏன் வராது, என்ன சொல்லியிருந்தால் வரும் என்பதுதான் இந்த வீடியோ. பகுதி நேர வேலை தேடுகிற நண்பர் யாராவது இருந்தால் இப்போதே ஷேர் பண்ணிவிடுங்கள். சீசன் முடிந்த பிறகு அனுப்பிப் பயனில்லை.

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு முந்தைய சில வாரங்களில் ஜவுளிக்கடைகளுக்குக் கூடுதல் ஆள் வேண்டும். மாணவர்களைப் பெரும்பாலும் பேக்கிங், டெலிவரி கவுன்ட்டர், துணி மடித்து அடுக்குவது போன்ற வேலைகளில்தான் போடுவார்கள். அனுபவம் கேட்க மாட்டார்கள். அனுபவம் கேட்காதவர்கள் வேறு என்ன கேட்பார்கள்? இரண்டே விஷயம்தான். எந்த நேரத்துக்கு வருவாய்? சொன்னபடி வருவாயா?

[திரையில்: கல்யாணப் பந்தி, இலை போட்ட வரிசை]

இந்த இரண்டையும் ஏன் அப்படித் துருவுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போட்டாயிற்று, பொரியல் வைத்தாயிற்று, சாதமும் விழுந்தாயிற்று. சாம்பார் வாளியைத் தூக்க வேண்டிய தம்பியைக் காணோம்! அப்பளம் வைக்கிறவர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தும் பயனில்லை. நூறு பேர் சாதத்தைக் குழித்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா தொண்டையைக் கனைக்கிறார். கடையும் இதே மாதிரிதான். பில் போட்டுப் பணம் கட்டிய கூட்டம் டெலிவரி கவுன்ட்டரில் நிற்கிறது, பையை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை என்றால் அத்தனை பேரும் மேனேஜரைத்தான் பார்ப்பார்கள். அதனால் அவர் தேடுவது கெட்டிக்காரரை அல்ல. "மாலை 3 மணிக்கு சாம்பார் வாளி யார் கையில்?" என்ற கேள்விக்குப் பதில் தேடுகிறார். "எப்ப கூப்பிட்டாலும் வருவேன்" என்பதை அவரால் ஷிப்ட் அட்டவணையில் எழுத முடியாது. காலேஜ் படிக்கிற பிள்ளை எப்போதும் வர முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஆக, யோசிக்காமல் சொல்கிற பையன் என்று முடிவு கட்டிவிடுகிறார்.

[திரையில்: ஒரு தாள், பேனா]

சரி, ஒரு ஆளை எடுத்துக்கொள்வோம். பிரியா என்று பெயர் வைக்கலாம். பி.காம் இரண்டாம் ஆண்டு. காலேஜ் நுங்கம்பாக்கத்தில், முதல் ஷிப்ட், அதாவது காலை 8.30 முதல் மதியம் 1.30 வரை. வீடு குரோம்பேட்டை. வேலை கேட்டுப் போவது மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்துக் கடை.

வகுப்பு 1.30-க்கு முடிகிறது. சாப்பிட்டு, நுங்கம்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் அடுத்தது கோடம்பாக்கம், அதற்கடுத்தது மாம்பலம். 2.30-க்குக் கடையில் நிற்கலாம். அப்படியென்றால் மேனேஜரிடம் 2.30 என்று சொல்லலாமா? கூடாது. 3 மணி என்று சொல்ல வேண்டும். கடைசி வகுப்பு பத்து நிமிடம் இழுக்கும், ரயில் தாமதமாகும், ஸ்டேஷனிலிருந்து ரங்கநாதன் தெருவைத் தாண்டுவதற்கே சீசனில் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். மோசமான நாளிலும் காப்பாற்றக்கூடிய நேரத்தைத்தான் சொல்ல வேண்டும். 2.30 சொல்லிவிட்டு 2.45-க்கு வருகிறவர் லேட். 3 சொல்லிவிட்டு 2.45-க்கு வருகிறவர் தங்கமான பொண்ணு. ரயில் ஒன்றுதான், பெயர் மட்டும் மாறுகிறது!

முடிகிற நேரத்துக்கும் இதே கணக்குதான். "கடை எத்தனை மணிக்கு மூடும்?" என்று கேட்காதீர்கள். "வேலை முடிந்து எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்று கேளுங்கள். ஷட்டர் இறங்கிய பிறகும் கலைந்த துணியை மடித்து அடுக்குகிற வேலை இருக்கும். பிரியா 9 மணிக்குக் கிளம்பினால்தான் வீட்டில் சம்மதிப்பார்கள் என்றால், அதை இன்டர்வியூவிலேயே சொல்லிவிட வேண்டும். பெண் பிள்ளைகளிடம் "ராத்திரி எப்படிம்மா வீட்டுக்குப் போவ?" என்று கட்டாயம் கேட்பார்கள். "பாத்துக்கிறேன் சார்" என்பது பதில் இல்லை. "மாம்பலத்துல ரயில் ஏறி குரோம்பேட்டைல இறங்குவேன் சார், ஸ்டேஷனுக்கு அப்பா வந்துடுவாரு" என்பதுதான் பதில்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். டே ஆர்டர்!

சென்னையில் பல கலைக் கல்லூரிகளில் டைம்டேபிள் கிழமைப்படி ஓடாது. டே ஆர்டர் 1 முதல் 6 வரை சுற்றிச் சுற்றி வரும். காலேஜ் நடக்கிற நாளோ வாரத்துக்கு ஐந்து. பிரியாவுக்கு டே ஆர்டர் 3 அன்று மட்டும் 3.30 வரை சர்டிபிகேட் கோர்ஸ் இருக்கிறது. இந்த வாரம் அது புதன்கிழமை வருகிறது. இன்டர்வியூவில் அவள், "புதன்கிழமை மட்டும் 5 மணிக்குத்தான் வர முடியும் சார்" என்கிறாள். மேனேஜரும் குறித்துக்கொள்கிறார். அடுத்த வாரம் அதே டே ஆர்டர் வியாழன் அன்று வருகிறது. அதற்கடுத்த வாரம் வெள்ளி. பிறகு சனி, ஞாயிறைத் தாண்டி, ஒரு வாரத்தையே விட்டு, திங்கள்கிழமை வந்து நிற்கும். நடுவில் ஆயுத பூஜை விடுமுறை வந்தால் கணக்கு மொத்தமும் தள்ளிப்போகும். பிரியா சொன்னது எதுவும் பொய் இல்லை. ஆனாலும் இரண்டாம் வாரமே "இந்தப் பொண்ணு சொன்ன பேச்சு மாறுது" என்று பெயர் வந்துவிடும்.

மேனேஜருக்கு டே ஆர்டர் பாடம் எடுக்காதீர்கள், பாவம். காலேஜ் காலண்டரைப் பார்த்து, டே ஆர்டர் 3 வருகிற தேதிகளைத் தேதியாகவே எழுதிக் கொடுங்கள்.

[திரையில்: பிரியாவின் தாள்]

அந்தத் தாளில் இருப்பது இவ்வளவுதான்:

திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை 3 முதல் 9.
சனி, ஞாயிறு, காலை 10 முதல் இரவு 9.
தாமதமாக 5 மணிக்கு வரும் நாட்கள்: (தேதிகள்)
வர முடியாத நாட்கள்: (இன்டர்னல் தேர்வுத் தேதிகள்)
கடைசி நாள்: தீபாவளிக்கு முதல் நாள்.

"வர முடியாத நாட்கள்" என்ற வரிதான் பலருக்குப் பயம். அதைச் சொன்னால் வேலை கிடைக்காதோ என்று மறைத்து வைப்பார்கள். ஆனால் அக்டோபர் தொடக்கத்தில் சொல்லப்பட்ட லீவுக்கு மாற்று ஆள் போடலாம். அன்று காலையில் சொல்கிற லீவுக்கு யாரைப் போடுவது? ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அக்டோபர் 24, 25, பிறகு 31, நவம்பர் 1 ஆகிய வார இறுதிகளும், தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமையும்தான் கடைக்கு உயிர். அந்த நாட்களில் லீவு வேண்டும் என்றால் உங்களை எடுப்பதில் அவர்களுக்கு லாபமே இல்லை. அப்படி முடியாதவர்கள் ஜவுளிக்கடையை விட்டுவிட்டு மே மாத விடுமுறை வேலையைப் பார்ப்பது நல்லது.

"காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு வருவியா?" என்றும் போட்டு வாங்குவார்கள். தலையாட்டிவிடாதீர்கள். பொதுவாக 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வெழுதுவதில் சிக்கல் வரும். சிக்கல் வந்த அன்று நீங்கள் கடையை விட்டு ஓடுவீர்கள் என்று அவருக்கும் தெரியும். "மதியம் வரைக்கும் காலேஜ் சார், 3 மணிக்கு மேல முழுசா இங்கதான்" என்று சொன்னால் போதும்.

[திரையில்: மேனேஜர் மேஜை]

அடுத்தது நம்பிக்கை. "நடுவுல நின்னுட மாட்டியே?" என்பார் மேனேஜர். "நான் ரொம்பப் பொறுப்பானவன் சார்" என்று எல்லாரும் சொல்வார்கள், அதை யாரும் காதில் வாங்குவதில்லை. அனுபவம் இல்லாதவரிடமும் ஆதாரம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் ஒரு நாள் போகவில்லை என்றால், "ஏன் வரலை?" என்று யார் போன் பண்ணுவார்கள்? டியூஷன் பிள்ளையின் அம்மாவா, என்சிசி அணிவகுப்பு சீனியரா, பேப்பர் ஏஜென்ட்டா? போன் வருகிற இடம்தான் உங்கள் அனுபவம். பள்ளியில் வாங்கிய ஓவியப் பரிசு இதில் சேராது, மன்னிக்கவும்.

பிரியாவிடம் இது எப்படிப் போகும் என்று பாருங்கள்.

"இதுக்கு முன்னாடி எங்கயாவது வேலை பாத்திருக்கியாம்மா?"

"கடைல பாத்ததில்ல சார். பக்கத்து வீட்டு ரெண்டு பசங்களுக்கு ஒரு வருஷமா டியூஷன் எடுக்கறேன், சாயங்காலம் 6 மணிக்கு."

"லீவே போட்டதில்லையா?"

"காய்ச்சல் வந்தப்ப ரெண்டு நாள் போட்டேன் சார். காலைலயே அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டு, ஞாயித்துக்கிழமை சேத்து எடுத்தேன்."

"அப்ப இங்க வந்தா அந்த டியூஷன் என்னாகும்?"

"தீபாவளி வரைக்கும் காலைல 6 மணிக்கு மாத்திக்கலாம்னு அவங்ககிட்ட கேட்டுட்டேன் சார்."

அந்த மூன்றாவது கேள்வியில்தான் பலர் மாட்டுவார்கள். மாலை 6 மணிக்கு டியூஷன் என்று பெருமையாகச் சொன்னதே, மாலை 3 முதல் 9 என்று எழுதிய தாளோடு மோதுகிறது! சொல்லப்போகிற ஆதாரம் அந்தத் தாளோடு இடிக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். "லீவே போட்டதில்லை" என்றும் சொல்ல வேண்டாம். லீவு போடாதவரை அவர் பார்த்ததில்லை. முன்கூட்டியே சொல்கிறவரைத்தான் தேடுகிறார்.

அதனால் நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள்: "உடம்பு சரியில்லன்னா யாருக்கு, எத்தனை மணிக்குள்ள சொல்லணும் சார்?" வாட்ஸ்அப்பில் போட்டால் போதுமா, போன் பண்ண வேண்டுமா என்பதையும் கேளுங்கள். இதைக் கேட்கிற பிள்ளைகள் குறைவு, அதனாலேயே மேனேஜர் நிமிர்ந்து பார்ப்பார்.

"நாள் பூரா நிக்க முடியுமா?" என்பதும் இதே வகைதான், பாதியில் ஓடிவிடுவீர்களா என்று பார்க்கிறார். முடியும் என்றால் சொல்லுங்கள். அதோடு, கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தமே வந்தது. இன்டர்வியூவில் இதை வைத்து வாதாட வேண்டாம், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கால் வலிக்கிற அன்று உதவும்.

கிளம்பும்போது மூன்று விஷயம். சம்பளம் நாள் கணக்கா, மாதக் கணக்கா, எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று கேட்டுவிடுங்கள். ஆதார், கல்லூரி அடையாள அட்டை இரண்டுக்கும் நகல் மட்டும் கொடுங்கள். அசல் மார்க்‌ஷீட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். "டெபாசிட் கட்டினால் வேலை" என்றால் அப்படியே திரும்பி நடையைக் கட்டுங்கள்.

உங்கள் காலேஜ் ஷிப்ட், வீடு இருக்கிற ஏரியா, போக நினைக்கிற கடை இருக்கும் இடம், மூன்றையும் கமென்ட்டில் போடுங்கள். மேனேஜரிடம் எத்தனை மணி என்று சொல்லலாம் என்பதை அங்கேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.