கூடையில் போட்டதுமே மனசு லேசாகிறதே, ஏன்? "பணம் செலுத்து" பட்டனை அழுத்தும் முன் இதைப் பாருங்கள்

இரவு பத்தே முக்கால் மணி. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறீர்கள், கையில் போன். காலையில் ஆரம்பித்து உங்கள் இஷ்டப்படி ஒன்றுகூட நடக்காத நாள் அது. விரல் தன்பாட்டுக்குத் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறது, ஒரு ஹெட்போன் கண்ணில் படுகிறது, நீலமா கறுப்பா என்று ஒரு நிமிடம் யோசித்து நீலத்தைக் கூடையில் போடுகிறீர்கள். அப்போது உள்ளே ஏதோ ஒன்று தளர்கிறது, இல்லையா? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் இன்னும் பணம் கட்டவில்லை, பொருளும் வீட்டுக்கு வரவில்லை. அப்படியிருக்க மனசு எதனால் லேசானது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி செலவைச் செலவில்லாமலே முடித்துவிடலாம்.

வணக்கம். மன அழுத்தம் வந்தால் ஏன் செலவு செய்கிறோம் என்ற பொதுவான பின்னணியை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: களைத்த மனசு சீக்கிரம் கிடைக்கிற ஆறுதலைத் தேடும், போன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அவ்வளவுதான். இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

2008ல் சிந்தியா கிரைடர், ஜெனிஃபர் லெர்னர் ஆகியோர் அடங்கிய குழு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. ஒரு குழுவுக்குச் சோகமான வீடியோத் துண்டு ஒன்றைக் காட்டினார்கள், இன்னொரு குழுவுக்கு மனசைத் தொடாத சாதாரண வீடியோ. அப்புறம் ஒரு தண்ணீர் பாட்டிலைக் காட்டி, இதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். சோகக் காட்சியைப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கொடுக்கத் தயாராக இருந்தார்கள். பாட்டில் ஒன்றுதான், மாறியது அவர்களுடைய மனநிலை மட்டும்தான். இதில் என்னை உலுக்கியது வேறொரு விஷயம். அந்த வீடியோ உங்கள் முடிவைப் பாதித்ததா என்று கேட்டபோது, இல்லை என்றே சொன்னார்கள். அதனால்தான் "நான் உணர்ச்சிவசப்பட்டு வாங்குகிற ஆள் இல்லை" என்று யாராவது சொன்னால் நான் அதை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. வாங்கும்போது நமக்கு அது தெரியாது என்பதுதான் சிக்கலே.

சரி, இப்போது அந்த நீல ஹெட்போனுக்குத் திரும்புவோம். 2014ல் ஸ்காட் ரிக் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் வெளியிட்ட ஆய்வு இதையேதான் கேட்கிறது: வாங்குவதில் எந்தப் பகுதி சோகத்தைக் குறைக்கிறது? அவர்கள் கண்டது, தேர்ந்தெடுப்பது. சோகமாக இருக்கும்போது எல்லாமே நம் கையை மீறிப் போய்விட்டது போல இருக்கும். இது வேண்டும், அது வேண்டாம் என்று நாமே முடிவெடுக்கும்போது பிடி திரும்பக் கிடைத்தது போலத் தோன்றுகிறது. நிஜமாக வாங்கினாலும் சரி, வாங்குவதாகக் கற்பனை செய்து தேர்ந்தெடுத்தாலும் சரி, சோகம் குறைந்தது. அதாவது நீலமா கறுப்பா என்று முடிவு செய்தீர்களே, மருந்து அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கட்டுகிற பணம் கூடுதல்.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கோபத்துக்கு இது வேலை செய்யவில்லை. சோகத்தில் "சூழ்நிலை இப்படி ஆகிவிட்டதே" என்று நினைப்போம், கோபத்தில் "அந்த ஆள் இப்படிச் செய்துவிட்டாரே" என்று நினைப்போம். எதை வாங்கினாலும் அந்த ஆள் மாறப்போவதில்லை. ஆக, மேலதிகாரி நாலு பேர் முன்னால் கத்திய நாளில் எவ்வளவு வாங்கினாலும் ஆறாது. ஆறாததால் இன்னொன்று, இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கும்.

என் தோழி ஒருத்தி இதை எப்படிச் சமாளித்தாள் என்று சொல்கிறேன். கூடையில் போடுவதற்குப் பதில் ஒரு சின்ன நோட்டில் எழுத ஆரம்பித்தாள். என்ன பொருள், என்ன நிறம், என்ன அளவு என்று முழுசாக, நிஜமாகவே வாங்கப்போகிறவள் போலத் தேர்ந்தெடுத்து எழுதுவாள். தேர்வை அரைகுறையாக விட்டால் அந்த நிம்மதி வராது என்பாள். பக்கத்தில் நேரம், அன்றைக்கு நடந்தது என்ன என்று ஒரே ஒரு சொல்: "அலுப்பு", "தனிமை", "கோபம்". பிறகு சனிக்கிழமை காலை, வயிறு நிறைந்து தூக்கம் தெளிந்த பிறகு, பட்டியலைப் பார்ப்பாள். நான்கு வாரத்தில் 11 பொருள் சேர்ந்தது. எட்டை அடித்துவிட்டாள், இரண்டை வாங்கினாள், ஒன்றை அடுத்த வாரத்துக்குத் தள்ளினாள். ஆனால் அவள் எனக்கு நோட்டைக் காட்டியபோது அவளுடைய விரல் நின்றது வேறு இடத்தில். பதினொன்றில் ஆறு செவ்வாய்க்கிழமை இரவில் எழுதியவை, ஆறுக்கும் பக்கத்தில் "கோபம்". செவ்வாய்தான் அவளுடைய அலுவலக வாராந்தரக் கூட்டம்! இப்போது செவ்வாய் மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அக்காவுக்குப் போன் செய்கிறாள், அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கொட்டித் தீர்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஏன் நோட்டு, ஆப்பின் கூடையிலேயே விட்டுவைத்தால் என்ன என்று கேட்பீர்கள். கூடை சும்மா இருக்காது. "உங்கள் பொருள் காத்திருக்கிறது" என்று செய்தி வரும், விலை குறைந்துவிட்டது என்று வரும், பெரும்பாலும் நீங்கள் மறுபடி களைத்திருக்கிற நேரத்தில்தான் அது கண்ணில் படும். நோட்டு உங்களைக் கூப்பிடாது.

இன்னொரு பழக்கம், சேமித்து வைத்த கார்டு விவரத்தை நீக்குவது. அமேசான் 1999ல் ஒரே கிளிக்கில் வாங்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது, அடுத்த வருடமே ஆப்பிள் அதற்கு உரிமம் வாங்கியது, 2017ல்தான் அந்தக் காப்புரிமை முடிந்தது. இரண்டு மூன்று கிளிக்கைக் குறைப்பதற்குக் காப்புரிமை என்றால், அந்த இரண்டு மூன்று கிளிக்குக்குள் எத்தனை பேர் மனசு மாறித் திரும்பிப் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தடையை நீங்களே திரும்ப வையுங்கள். ஆப்பில் மட்டும் நீக்கினால் போதாது. பிரவுசரும் கார்டு எண்ணை நினைவில் வைத்திருக்கும், போனில் உள்ள வாலட்டும் வைத்திருக்கும். பலர் ஒரு இடத்தில் நீக்கிவிட்டு, அடுத்த இரவே எண் தானாக நிரம்பி வருவதைப் பார்த்துக் கைவிட்டுவிடுகிறார்கள். மூன்று இடத்திலும் நீக்குங்கள், கார்டை வேறு அறையில் வையுங்கள். படுக்கையிலிருந்து எழுந்து போய் எடுத்து வர வேண்டும் என்பது நிறைய இரவுகளில் போதுமான தடை.

இதற்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். வாங்கியதை வீட்டில் மறைக்கிறீர்கள், பெட்டியைப் பிரிக்காமலே அடுக்குகிறீர்கள், முந்தைய கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறீர்கள் என்றால் நோட்டு போதாது. மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ பேசுங்கள். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை, மருத்துவர்களுக்குத் தெரிந்த, சிகிச்சை தரக்கூடிய பிரச்சினைதான் இது.

நீங்கள் கடைசியாக இரவில் வாங்கிய பொருளையும், அன்றைக்கு நடந்ததற்கு ஒரே ஒரு சொல்லையும் கமெண்டில் எழுதுங்கள். "கோபம்" என்று எழுதுபவர்கள் எத்தனை பேர் என்று பார்க்க எனக்கு உண்மையிலேயே ஆசை. அது அதிகமாக இருந்தால் அடுத்த வீடியோ கோபத்தைப் பற்றித்தான்.