நிலாவைக் காட்டும் விரல்: தாமதப் பேச்சும் ஆட்டிசத்தின் முன்னறிகுறிகளும்

இங்கே வந்திருக்கும் பெற்றோர்களுக்கும், தாத்தா பாட்டிகளுக்கும், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் என் வணக்கம்.

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை என்று குழந்தையை அழைத்து வரும் குடும்பத்தில் பெரும்பாலும் இரண்டு கருத்துகள் இருக்கும். "இவன் அப்பனும் மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்று பாட்டி சொல்வார். கைபேசியில் ஆட்டிசத்தைப் பற்றிப் படித்துவிட்டு இரவெல்லாம் உறங்காத தாய் அருகில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். இருவரில் யார் எண்ணுவதும் சரியாக இருக்கலாம். ஆனால் குழந்தை எத்தனை சொற்கள் பேசுகிறது என்பதை மட்டும் வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது. அந்தத் தீர்மானம் எப்படி எடுக்கப்படுகிறது என்பதைத்தான் இன்று விளக்க விரும்புகிறேன்.

24 மாத வயதில் 50 சொற்களுக்கும் குறைவாகப் பேசும், அல்லது "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத, மற்றபடி கேள்விப்புலனும் பொது வளர்ச்சியும் நன்றாக இருக்கும் குழந்தையைத் தாமதமாகப் பேசும் குழந்தை என்கிறோம். இந்தக் கணக்கில் "உவ்வா", "மம்மு" போன்ற மழலைச் சொற்களும், எப்போதும் ஒரே பொருளுக்குச் சொல்லப்பட்டால், சேரும்; வீட்டில் இரண்டு மொழிகள் புழங்கினால் இரண்டிலும் உள்ள சொற்களைக் கூட்டித்தான் எண்ண வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைகளில் பத்தில் ஒருவராவது இப்படி இருப்பார். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பள்ளிப் பருவத்துக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுவார்கள். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளும் இதே வயதில் இதே அளவு சொற்களோடுதான் வருகிறார்கள். ஆகவே சொற்களின் எண்ணிக்கை நம்மை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு நின்றுவிடுகிறது.

நான் பார்த்த பல குழந்தைகளின் இயல்புகளைச் சேர்த்து இரண்டு குழந்தைகளைச் சொல்கிறேன். இருவருக்கும் 23 மாதம். இருவரும் ஏறக்குறைய எட்டுச் சொற்கள் பேசுகிறார்கள். இருவருக்கும் கேள்விப்புலன் பரிசோதனை முன்பே முடிந்து, குறை இல்லை என்று தெரிந்துவிட்டது. இந்தப் பரிசோதனையை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்காமலும் இருக்கலாம். சளியால் நடுச்செவியில் நீர் தேங்கி, ஒலி மங்கிக் கேட்கலாம். கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்புகிறது, விளம்பரப் பாட்டுக்கு ஓடி வருகிறது என்பதை வைத்துக் காது நன்றாக இருக்கிறது என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது.

முதல் குழந்தை அறைக்குள் வந்ததும் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒளிந்துகொண்டான். ஐந்து நிமிடம் என் பக்கம் முகத்தையே திருப்பவில்லை. வெட்கப்படும் குழந்தையைப் பார்த்து "கண் பார்க்கவில்லை" என்று எழுதிவிடுவது எளிது, அது தவறும்கூட. சோப்புக் குமிழி ஊதினேன். குமிழிகள் பறந்ததும் அவன் அவற்றைப் பார்த்தான், உடனே அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான், மறுபடி குமிழியைப் பார்த்தான். பிறகு ஊதுவதை நிறுத்தி, மூடியை இறுக்கி, குப்பியை அவன் எதிரில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவன் குப்பியைத் திறக்க முயன்றான், முடியவில்லை, அதை என்னிடம் நீட்டி, என் கண்ணைப் பார்த்து, "ம்ம்?" என்றான். சொல் ஒன்றுமில்லை. ஆனால் பார்வை, கை, குரல், முகக்குறிப்பு ஆகிய நான்கும் ஒரே கணத்தில் ஒரே ஆளை நோக்கி வந்தன.

இரண்டாம் குழந்தை தயக்கமே இல்லாமல் உள்ளே வந்தாள். குமிழிகளைப் பார்த்து மகிழ்ச்சியாகத் துள்ளினாள். கைகளையும் படபடவென்று அடித்துக்கொண்டாள். அந்த மகிழ்ச்சி உண்மையானது, ஆனால் அது யாரிடமும் பகிரப்படவில்லை. நான் ஊதுவதை நிறுத்தியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக் குப்பியின் மேல் கொண்டுபோய் வைத்தாள். அவள் பார்வை முழுவதும் குப்பியின் மேல் இருந்தது. என் முகத்துக்கு ஒருமுறையும் வரவில்லை. கையை ஒரு கருவிபோல எடுத்துப் பயன்படுத்தும் இந்தச் செயலைத்தான், "எதுவானாலும் எங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டிடுவா" என்று பெற்றோர் நல்ல செய்தியாகச் சொல்வார்கள். கையைப் பிடித்து இழுக்கும்போது குழந்தை இடையிடையே முகத்தைப் பார்க்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்தச் செய்தியின் பொருள் தெரியும்.

நம் வீடுகளில் நிலாவைக் காட்டிச் சோறூட்டுவார்கள். சில மாதங்களில் குழந்தையே விரலை நீட்டி நிலாவைக் காட்டத் தொடங்கும். அதைக் கவனித்துப் பாருங்கள்: அந்தக் குழந்தை நிலாவை எடுத்துத் தரச் சொல்லவில்லை. "நான் பார்ப்பதை நீயும் பார்" என்பதுதான் அதன் பொருள். அதனால்தான் விரலை நீட்டியபடியே திரும்பி, அம்மா பார்க்கிறாளா என்று சரிபார்க்கிறது. அலமாரியில் உள்ள பிஸ்கட்டைச் சுட்டுவது ஒரு பொருளைப் பெறுவதற்கு. நிலாவையும், காக்கையையும், தெருவில் போகும் மாட்டையும் சுட்டுவது ஒரு மனத்தோடு இன்னொரு மனம் சேர்வதற்கு. இதை இணைக் கவனம் என்கிறோம். இது ஒன்பது மாத அளவில் அரும்பத் தொடங்கி, ஒன்றரை வயதுக்குள் நன்றாக நிலைபெற வேண்டும். ஆட்டிசத்தில் பிஸ்கட்டைக் கேட்கும் சுட்டல் ஓரளவு வந்த பின்னும் நிலாவைக் காட்டும் சுட்டல் வராமலோ மிக அரிதாகவோ இருப்பதைக் காண்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. விரல் நீட்டிச் சுட்டவில்லை என்பதாலேயே ஆட்டிசம் என்று சொல்லிவிட முடியாது. பொது வளர்ச்சி மெதுவாக இருக்கும் குழந்தைகளும் சுட்டுவதற்குத் தாமதிப்பார்கள். அப்படிப்பட்ட குழந்தை விரலால் சுட்டாவிட்டாலும் கையில் உள்ள பொம்மையைத் தூக்கிக் காட்டும், பெயர் சொன்னால் திரும்பும், தனக்குப் பிடித்தது நடந்தால் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். எனவே நாங்கள் தேடுவது தனியான ஒரு செயலை அல்ல, பார்வையும் சைகையும் குரலும் ஒன்றுசேர்ந்து வருகின்றனவா என்பதை.

அடுத்து, புரிந்துகொள்ளும் திறன். தாமதமாக மட்டும் பேசும் குழந்தைக்கு, பேசுவதைவிடப் புரிந்துகொள்வது மிகுதியாக இருக்கும். வீட்டார் பேசுவதில் பெரும்பகுதி அதற்கு விளங்கும். ஆட்டிசத்தில் புரிதலும் பின்தங்கியிருப்பது மிகவும் இயல்பு. இதைச் சோதிப்பதில்தான் பலரும் ஏமாறுகிறோம். செருப்பைக் கையில் எடுத்து, வாசலைப் பார்த்துக்கொண்டு "போலாமா?" என்றால், எந்தச் சொல்லும் புரியாத குழந்தையும் எழுந்து ஓடிவரும். அது சூழ்நிலையைப் புரிந்துகொள்கிறது, சொல்லை அல்ல. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையின் முகத்தையே பார்த்தபடி, வழக்கமில்லாத நேரத்தில் "பந்தைப் பாட்டிகிட்ட குடு" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். முதல் குழந்தை அதைச் செய்தான். இரண்டாம் குழந்தையிடம் மூன்று முறை சொல்லியும் பயனில்லை. பெற்றோர் திகைத்துப் போனார்கள், அதுவரை அவளுக்கு எல்லாம் புரிகிறது என்றே அவர்கள் நம்பியிருந்தார்கள்.

சொற்கள் ஏராளமாக இருந்தும் கவலை தரும் குழந்தைகளும் உண்டு. ஆங்கில எழுத்துகள் முழுவதையும் நூறுவரை எண்களையும் சொல்லும், ஆனால் தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாத குழந்தையைப் பெற்றோர் பெருமையோடு அழைத்து வருவதுண்டு. 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டில், பேச்சுத் தாமதம் ஆட்டிசத்துக்கான அளவுகோல்களில் இடம்பெறவில்லை. சமூகத் தொடர்பில் குறைபாடும், அதனோடு திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், குறுகிய ஈடுபாடுகள், ஒலி தொடுகை போன்றவற்றில் இயல்பு மீறிய எதிர்வினை ஆகியவற்றில் சிலவும் சேர்ந்திருக்க வேண்டும். வண்டிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்காத குழந்தை ஏது? சுற்றுகிறதா என்பதல்ல கேள்வி. அதிலிருந்து வேறு விளையாட்டுக்கு அழைத்தால் வருகிறதா, நாள் முழுவதும் அதுவே நடக்கிறதா என்பதைத்தான் கேட்கிறோம்.

ஆட்டிசத்தின் அறிகுறிகளை முன்கூட்டியே கண்டுகொள்ள, 16 முதல் 30 மாதக் குழந்தைகளின் பெற்றோர் பதில் சொல்லும் எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. உலகெங்கும் பயன்படும் இந்தத் தாளில் மூன்று முதல் ஏழு பதில்கள் கவலைக்குரியனவாக இருந்தால், அந்தக் கேள்விகளை எடுத்துக்காட்டுகளோடு மறுபடி கேட்க வேண்டும். எட்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் நேராக மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். பெரும்பாலோர் அந்த மறுகேள்விப் பகுதியை விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் பிழை நேர்கிறது. 2014-இல் வெளியான பெரிய ஆய்வில், இரண்டு கட்டங்களிலும் கவலைக்குரியவர்களாகத் தெரிந்து மதிப்பிடப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஆட்டிசம் இருந்தது. ஆனால் மிகப் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதம் அல்லது கவலைக்குரிய நிலை இருந்தது. ஆகவே அந்தத் தாள் யாரை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லுமே தவிர, நோயை உறுதிசெய்யாது.

முதல் குழந்தைக்கு ஆட்டிசம் இல்லை என்று நான் கருதியதைப் பெற்றோரிடம் சொன்னேன். அன்றே பேச்சுப் பயிற்சியாளரிடமும் அனுப்பி, மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொன்னேன், ஏனெனில் யார் தானாக எட்டிப் பிடிப்பார், யார் பிடிக்கமாட்டார் என்பதை 23 மாதத்தில் எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. இரண்டாம் குழந்தைக்கு ஒருநாள் பார்வையில் ஆட்டிசம் என்று பெயர் சூட்டவில்லை. வீட்டிலும் அங்கன்வாடியிலும் எப்படி இருக்கிறாள் என்று கேட்டறிந்து, முறையான மதிப்பீட்டுக்குப் பின்பே சொன்னோம். பயிற்சி மட்டும் அந்தப் பெயருக்காகக் காத்திருக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பயிற்சியில் சேர்த்துவிட்டு, சில மாத இடைவெளிகளில் மறுபடி மறுபடி பார்ப்பதுதான் நேர்மையான வழி. ஆனால் பேசிய சொற்களோ, டாட்டா காட்டுவதோ, பெயருக்குத் திரும்புவதோ இருந்து மறைந்துபோனால், எந்த வயதிலும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அந்த வாரமே வாருங்கள்.

வரும்போது கைபேசியில் பத்து நிமிடக் காணொளி ஒன்று எடுத்து வாருங்கள். "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்று நீங்கள் செய்யச் சொல்லி எடுத்தது வேண்டாம். சோறு ஊட்டும்போதோ, குளித்த பின்பு துண்டால் முகத்தை மூடித் திறந்து விளையாடும்போதோ எடுங்கள். இடையில் ஒருமுறை நீங்கள் விளையாட்டைச் சட்டென நிறுத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காத்திருங்கள். அப்போது குழந்தை துண்டைப் பார்க்கிறதா, உங்களைப் பார்க்கிறதா என்பது எனக்குத் தெரியும்படி, அதன் முகம் படத்தில் இருக்கட்டும்.