மிதவை எண்ணின் உள்ளே: எண்ணிலிருந்து ஹெக்ஸ், ஹெக்ஸிலிருந்து எண்

[திரையில்: கருப்புப் பின்னணியில் மூன்று வரி நிரல்]

```c
float a = 0.1f;
float b = 1.0f - 0.9f;
printf("%f %f %d\n", a, b, a == b);
```

[திரையில்: வெளியீடு `0.100000 0.100000 0`]

வணக்கம். இந்த வெளியீட்டைச் சற்று நிதானமாகப் பாருங்கள். இரண்டு மாறிகளும் 0.100000 என்றே அச்சாகியிருக்கின்றன. ஆனால் இரண்டும் சமமா என்று கேட்டதற்குக் கணினி 0, அதாவது இல்லை என்று விடை தந்திருக்கிறது. இதில் கணினி தவறு எதுவும் செய்யவில்லை. பதின்ம வடிவில் ஆறு இலக்கம் மட்டும் அச்சிட்டபோது இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிட்டது. அந்த வேறுபாட்டைக் கண்ணால் காண வேண்டுமானால், நினைவகத்தில் இருக்கும் பிட்டுகளை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே எடுத்து ஹெக்ஸ் வடிவில் எழுதிப் பார்க்க வேண்டும். அதை முதலில் கையால் செய்வோம், பிறகு நிரலால் செய்வோம்.

[திரையில்: 32 கட்டங்கள் ஒரே வரிசையில், முதல் கட்டம் சிவப்பு, அடுத்த எட்டு பச்சை, மீதி நீலம்]

சி மொழியின் `float` வகை, இன்று நாம் பயன்படுத்தும் ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும், 1985-இல் வெளியான ஐ.இ.இ.இ. 754 தரநிலையின் 32 பிட் வடிவத்தைப் பின்பற்றுகிறது. அதில் இடப்பக்கத்திலுள்ள முதல் பிட் குறியைச் சொல்கிறது: நேர் எண்ணுக்கு 0, எதிர் எண்ணுக்கு 1. அடுத்த எட்டு பிட்டுகள் இரண்டின் அடுக்கையும், மீதமுள்ள 23 பிட்டுகள் பின்னப் பகுதியையும் வைத்திருக்கின்றன.

எளிய எண்ணாக 23.75-ஐ எடுத்துக்கொள்வோம். இருபத்து மூன்றை இரும எண்ணாக எழுதினால் 10111. முக்கால் என்பது அரையும் காலும் சேர்ந்தது என்பதால், புள்ளிக்குப் பின் 11. ஆக, முழு எண் 10111.11. இனி, புள்ளிக்கு முன்னால் ஒரே ஒரு 1 மட்டும் நிற்கும்படி புள்ளியை இடப்பக்கம் நகர்த்த வேண்டும். நான்கு இடம் நகர்த்தினால் 1.011111 × 2⁴ என்று கிடைக்கும்.

[திரையில்: புள்ளி நான்கு இடம் நகர்கிறது, முன்னால் நிற்கும் 1 மங்கி மறைகிறது]

அந்த முன் 1-ஐ யாரும் சேமிப்பதில்லை. இயல்பான எண்கள் அனைத்திலும் அது நிச்சயமாக 1-ஆகவே இருக்கும் என்பதால், அதற்கு ஒரு பிட்டைச் செலவிட வேண்டிய தேவையில்லை. இருபத்து மூன்று பிட்டில் இருபத்து நான்கு பிட் துல்லியத்தை அடையும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது.

அடுக்கு நான்கு என்றாலும் அதை 4 என்று எழுதுவதில்லை. எதிர் அடுக்குகளையும் குறியில்லாத எண்ணாகவே வைக்க வேண்டும் என்பதற்காக எப்போதும் 127-ஐக் கூட்டி எழுதுகிறார்கள். எனவே 131, இருமத்தில் 10000011. குறி 0. பின்னப் பகுதி 011111, அதன் பின் பதினேழு சுழியங்கள். மூன்றையும் ஒட்டிவைத்து, இடப்பக்கத்திலிருந்து நான்கு நான்கு பிட்டாகப் பிரித்தால் 0100 0001 1011 1110 என்று தொடங்கி மீதி முழுவதும் சுழியமாக வரும். ஹெக்ஸில் அது 41BE0000.

[திரையில்: மூன்றாவது இலக்கமான B பெரிதாகிறது, அதன் முதல் பிட் பச்சை, மற்ற மூன்றும் நீலம்]

கையால் செய்பவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் இதுதான். குறியும் அடுக்கும் சேர்ந்தால் ஒன்பது பிட். ஒரு ஹெக்ஸ் இலக்கம் நான்கு பிட். ஒன்பது நான்கால் மீதமின்றி வகுபடாது. ஆகவே மூன்றாவது ஹெக்ஸ் இலக்கத்தின் முதல் பிட் அடுக்குக்கும், மற்ற மூன்று பிட்டுகள் பின்னத்துக்கும் சொந்தம். முதல் இரண்டு இலக்கங்களை மட்டும் பார்த்து அடுக்கைக் கணக்கிட்டால் விடை பிழையாகிவிடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஒரு கணக்கைச் செய்வோம். C15C0000 என்ற மதிப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை விரித்தால் 1100 0001 0101 1100. முதல் பிட் 1, ஆகவே இது எதிர் எண். அடுத்த எட்டு பிட் 10000010, அதாவது 130. 127-ஐக் கழித்தால் அடுக்கு 3. ஐந்து என்ற மூன்றாவது இலக்கத்தின் முதல் சுழியம் அடுக்கில் சேர்ந்துவிட்டதைக் கவனியுங்கள். மீதி 1011100. சேமிக்கப்படாத 1-ஐ முன்னால் திருப்பி வைத்தால் 1.10111. புள்ளியை மூன்று இடம் வலப்பக்கம் நகர்த்தினால் 1101.11, அதாவது 13.75. விடை −13.75.

[திரையில்: மீண்டும் முதல் நிரல்]

இந்த இரண்டு எண்களும் பின்னப் பகுதியில் முழுமையாக அடங்கிவிட்டன. 0.1 அப்படி அடங்காது. அதை 1.6 × 2⁻⁴ என்று எழுதலாம்; அடுக்கு 127 − 4 = 123. பின்னம் 0.6. அதை 23 பிட்டில் வைக்க 2²³-ஆல் பெருக்கினால் 5033164.8 வருகிறது. பிட்டுகளில் முழு எண்ணை மட்டுமே வைக்க முடியும் என்பதால் அருகிலுள்ள 5033165-க்கு அது முழுமையாக்கப்படுகிறது. ஹெக்ஸில் 4CCCCD. அடுக்கோடு சேர்த்தால் 3DCCCCCD. கடைசி இலக்கம் C-ஆக இல்லாமல் D-ஆக இருப்பது இந்த முழுமையாக்கலின் தடம். திரும்பப் படித்தால் கிடைப்பது 0.1 அன்று, 0.100000001490116… என்று தொடரும் சற்றே பெரிய எண்.

இதே போல 0.9-உம் முழுமையாக அடங்காமல் 3F666666 என்று சற்றுக் குறைவாகச் சேமிக்கப்படுகிறது. ஒன்றிலிருந்து அதைக் கழிக்கும்போது அந்தக் குறைவு விடையில் மிகையாக வெளிப்பட்டு, 3DCCCCD0 கிடைக்கிறது.

[திரையில்: `3DCCCCCD` மேலே, `3DCCCCD0` கீழே, கடைசி இரண்டு இலக்கங்கள் ஒளிர்கின்றன]

ஆறு இலக்க அச்சில் மறைந்திருந்த வேறுபாடு இதோ கண்ணெதிரே நிற்கிறது. இன்னொன்றும் தெரிகிறது: ஒரே குறியுடைய இரண்டு எண்களின் பிட் வடிவங்களை முழு எண்களாகக் கருதிக் கழித்தால், அவற்றுக்கு இடையே எத்தனை மிதவை எண் படிகள் உள்ளன என்பது கிடைக்கும். D0-இலிருந்து CD-ஐக் கழித்தால் மூன்று. ஆக, இவை மூன்று படி தள்ளி நிற்கின்றன. பதின்ம வடிவிலேயே பார்க்க விரும்புவோர் `%.9g` என்று அச்சிட வேண்டும். எந்த 32 பிட் மிதவை எண்ணையும் இழப்பின்றித் திரும்பப் பெற ஒன்பது பொருளுடைய இலக்கங்கள் போதும்.

[திரையில்: நிரல்]

இனி நிரலால் செய்வோம்.

```c
float x = 23.75f;
uint32_t b;
memcpy(&b, &x, sizeof b);
printf("%08X\n", (unsigned)b);   /* 41BE0000 */

memcpy(&x, &b, sizeof x);
printf("%.9g\n", x);             /* 23.75 */
```

`(uint32_t)x` என்று எழுதினால் போதாதா என்று கேட்கலாம். அது பிட்டுகளை நகலெடுப்பதில்லை, மதிப்பை மாற்றுகிறது: பின்னத்தை வெட்டிவிட்டு 23-ஐத் தரும், ஹெக்ஸில் 00000017. எதிர்பார்த்த எட்டு இலக்கங்களுக்குப் பதிலாக இப்படிச் சிறிய எண் வந்தால், மதிப்பு மாற்றம் நடந்துவிட்டது என்று உடனே புரிந்துகொள்ளலாம். `*(uint32_t *)&x` என்று பாயிண்டரை வகை மாற்றிப் படிப்பது பல நேரங்களில் சரியான விடையைத் தந்தாலும் மொழியின் விதிகளை மீறுகிறது. கம்பைலர் மேம்படுத்தலை இயக்கியதும் விடை மாறக்கூடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். `memcpy` வேகத்தைக் குறைக்கும் என்ற அச்சமும் தேவையில்லை. இப்படி நான்கு பைட்டை நகலெடுக்கும் அழைப்பைக் கம்பைலர்கள் பொதுவாக ஒரே கட்டளையாகச் சுருக்கிவிடுகின்றன.

பைத்தானில் இதே வேலை:

```python
import struct
struct.pack('>f', 23.75).hex()                     # '41be0000'
struct.unpack('>f', bytes.fromhex('c15c0000'))[0]  # -13.75
```

பைத்தானின் `float.hex()` இதற்கு மாற்றாகாது. பெயரில் ஹெக்ஸ் இருந்தாலும், அது `0x1.7c00000000000p+4` போன்று மதிப்பைப் பதினாறடிமானத்தில் எழுதித் தருகிறது. பிட் வடிவத்தைத் தருவதில்லை.

[திரையில்: நான்கு பைட்டுகள் `41 BE 00 00`; பின் `00 00 41 BE` என இடம் மாறுகின்றன]

மேலே உள்ள `'>f'`-இல் இருக்கும் அந்தச் சிறிய குறி, மதிப்பில் உயர்ந்த பைட் முதலில் வர வேண்டும் என்கிறது. அதை விட்டுவிட்டால் பெரும்பாலான கணினிகளில் `0000be41` என்று தலைகீழாக வரும். ஓர் அளவீட்டுக் கருவியிடமிருந்து தரவு படித்தபோது இதனால் ஒரு நாள் முழுவதையும் இழந்திருக்கிறேன். அந்தக் கருவி 32 பிட் எண்ணை இரண்டு 16 பிட் பாதிகளாகப் பிரித்து, கீழ்ப் பாதியை முதலில் அனுப்பியது. 41BE0000 என்று வர வேண்டியது 000041BE என்று வந்தது. திரையில் 23.75-க்குப் பதிலாக 2.36e-41 என்ற எண் தெரிந்ததால், கருவி சுழியத்தையே அளக்கிறது என்று எண்ணி அதன் இணைப்புகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

அந்த எண் அவ்வளவு சிறியதாக வந்ததற்குக் காரணம் உண்டு. அடுக்கின் எட்டு பிட்டும் சுழியமாக இருந்தால், மறைந்திருக்கும் 1 அங்கே கிடையாது. மதிப்பு வெறும் பின்னம் × 2⁻¹⁴⁹. 41BE என்பது 16830. அதை 2⁻¹⁴⁹-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2.36e-41. ஆகவே e-40 அளவில் நுண்ணிய எண்கள் வந்தால் முதலில் பைட் வரிசையைச் சந்தேகியுங்கள். மாறாக 1102970880 போன்ற பெரிய முழு எண் வந்தால், வரிசை சரிதான். 41BE0000-ஐ மிதவை எண்ணாகப் படிக்காமல் முழு எண்ணாகப் படித்திருக்கிறீர்கள்.

[திரையில்: `80000000` மற்றும் `7FC00000`]

எண்ணை ஹெக்ஸாக மாற்றித் திரும்ப எண்ணாக்கிச் சோதிக்கும்போது, `==` கொண்டு ஒப்பிடுவது போதாது. 80000000 என்பது எதிர்ச் சுழியம். அது 00000000-க்குச் சமம் என்றே `==` சொல்லும், ஆனால் பிட்டுகள் வேறு. 7FC00000 என்பது எண் அல்லாத மதிப்பான `NaN`. அது தனக்குத் தானே சமமில்லை என்று `==` சொல்லும், ஆனால் பிட்டுகள் ஒன்றே. மேலும், அடுக்கு முழுவதும் 1-ஆக இருந்து பின்னம் சுழியமல்லாத எந்த வடிவமும் `NaN` தான் என்பதால் அதற்குப் பல வடிவங்கள் உண்டு. ஜாவாவின் `Float.floatToIntBits` அவை அனைத்தையும் 7FC00000 என்ற ஒரே வடிவமாக்கிவிடும். உள்ளபடியே வேண்டுமானால் `Float.floatToRawIntBits` என்பதைப் பயன்படுத்த வேண்டும். ஆகவே சோதனையில் தொடக்க ஹெக்ஸையும் இறுதி ஹெக்ஸையும் முழு எண்களாக வைத்து ஒப்பிடுங்கள்.