பரவல் ஒன்றானால் மாறிகளும் நெருங்கிவிடுமா?

வணக்கம். வழக்கம்போலச் சனிக்கிழமை மாலை திருவல்லிக்கேணி பாரதி சாலையில் பழைய புத்தகம் தேடியபோது, நிகழ்தகவு வழிகாட்டி ஒன்று கிடைத்தது. கடைக்காரர் 150 ரூபாய் சொன்னார், நான் 80 கேட்டேன், அவர் அட்டை கிழியாததைக் காட்டி 120-இல் நின்றார். கால் மணி நேரம் பேசி 90-க்கு முடித்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் வீட்டுக்கு வந்து புரட்டினால், எனக்கு மிகவும் பிடித்த இடத்திலேயே பிழை இருந்தது.

ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் X = 1, பூ விழுந்தால் X = 0. எல்லா n-க்கும் Xₙ = 1 − X என்று வையுங்கள். 0, 1 இரண்டும் பாதிக்குப் பாதி வருவதால், Xₙ-இன் பரவலும் X-இன் பரவலும் ஒன்றே; ஆகவே Xₙ பரவலில் X-க்கு ஒருங்குகிறது, அதாவது n பெரிதாகும்போது Xₙ-இன் பரவல் X-இன் பரவலை நெருங்குகிறது. ஆனால் |Xₙ − X| எப்போதும் 1 என்பதால், நிகழ்தகவில் அது X-க்கு ஒருங்காது; அதற்கு, எவ்வளவு சிறிய தூரத்தை எடுத்தாலும், இரண்டும் அதைவிட விலகி நிற்கும் நிகழ்தகவு 0-ஐ நெருங்க வேண்டும். இதுவரை வழிகாட்டி சரி. அடுத்த வரியில், "எனவே இத்தொடர் நிகழ்தகவில் எதற்கும் ஒருங்காது" என்கிறது. அதுதான் தவறு. எல்லா Xₙ-உம் 1 − X-ஆகவே இருக்கும்போது, அது 1 − X-க்கு ஒருங்கத்தானே செய்யும்!

எதற்குமே ஒருங்காத தொடர் வேண்டுமென்றால், ஒவ்வொரு n-க்கும் நாணயத்தைப் புதிதாகச் சுண்ட வேண்டும். பரவல் மாறுவதே இல்லை. ஆனால் Xₙ நிகழ்தகவில் ஏதோ ஒரு Y-க்கு ஒருங்குவதாகக் கொண்டால், n பெரிதாகும்போது Xₙ, Xₙ₊₁ இரண்டும் Y-க்கு அருகில் வரவேண்டும். அப்படியானால் அவை ஒன்றுக்கொன்றும் அருகில் இருக்க வேண்டும். அவையோ எவ்வளவு பெரிய n-க்கும் 1/2 நிகழ்தகவோடு வேறுபடுகின்றன. ஆகவே அப்படி ஒரு Y கிடையாது.

முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன்: மாறி ஒரு புள்ளியைத் தாண்டாமல் இருக்கும் நிகழ்தகவே அந்தப் புள்ளியில் அதன் பரவல் சார்பின் மதிப்பு; பரவலில் ஒருங்குவதைப் பார்க்கும்போது, எல்லைப் பரவல் சார்பு தொடர்ச்சியாக உள்ள புள்ளிகளை மட்டுமே பார்க்கிறோம். Xₙ = 1/n என்றால், 0-இல் அதன் பரவல் சார்பின் மதிப்பு எப்போதும் 0, எல்லையின் மதிப்போ 1; அந்த ஒரு புள்ளியைக் கணக்கில் சேர்த்தால், 1/n கூட 0-க்கு ஒருங்கவில்லை என்றாகிவிடும்.

இந்த 0 போல எல்லை ஒரு மாறிலியாக இருக்கும்போது மட்டும், பரவலில் ஒருங்கினால் நிகழ்தகவிலும் ஒருங்கும். ஏனென்றால் Xₙ மாறிலி c-இலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை Xₙ-இன் பரவலே சொல்லிவிடும். எல்லையும் ஒரு சமவாய்ப்பு மாறியாக இருந்தால், இரண்டும் எப்படிச் சேர்ந்து நடக்கின்றன என்பது தெரிய வேண்டும்; தனித்தனிப் பரவல்கள் அதைச் சொல்வதில்லை. அந்தப் பக்கத்தின் ஓரத்தில், "X-க்கு ஒருங்காது; 1 − X-க்கு ஒருங்கும்" என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.