"முயற்சி செய்கிறோம் சார்" என்று எழுதியதால் போன ஆர்டர் | கிருஷ்ணகிரியிலிருந்து

வணக்கம். பின்னால் கிரேட் கழுவுகிற சத்தம் கேட்கும், சீசன் நேரம், பொறுத்துக்கொள்ளுங்கள். காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாமாவின் மாங்கூழ் யூனிட்டில்தான் நிற்கிறேன். வெளிநாட்டு மெயில் எல்லாம் என் பொறுப்பு.

நெதர்லாந்தில் ஜூஸ் தயாரிக்கும் ஒருவர் ஏப்ரலில் கேட்டார்: "தோத்தாபுரி மாங்கூழ், ஒரு கன்டெய்னர், ஜூன் 10க்குள் கப்பல் ஏறுமா?" ஏறாது என்று மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம் பெங்களூரா என்று சொல்லும் அந்த மாம்பழம் இங்கே ஜூனில்தான் வேகம் பிடிக்கும். டிரம்மில் நிரப்பிய அன்றே அனுப்பவும் முடியாது. மாதிரிகளை ஒரு வாரம்போல இன்குபேஷனில் வைத்து, கெடவில்லை என்று உறுதியான பிறகே லோடு. ஆனால் வீட்டுக்கு வந்தவரிடம் எடுத்தவுடன் முடியாது என்று சொல்வோமா? "வீ வில் ட்ரை அவர் பெஸ்ட் சார்" என்று எழுதினேன்.

நம்ம ஊர் வியாபாரி இதைப் படித்தால் "சரி, நடக்காது போல" என்று புரிந்துகொண்டு வேறு இடத்திலும் சொல்லி வைப்பார். அவர் அப்படிப் படிக்கவில்லை. ஜூன் 10 உறுதி என்று எடுத்துக்கொண்டு தன் உற்பத்தித் தேதியைக் குறித்துவிட்டார். மே கடைசியில் உண்மையைச் சொன்னபோது அவர் கோபப்பட்டது நியாயம்தான். அந்த ஆர்டர் போய்விட்டது.

அதற்கப்புறம் என் பழைய மெயில்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கும். நலம் விசாரிப்பு, நிறுவன வரலாறு, மாமாவின் இருபது வருட அனுபவம் என்று போய், கூழ் என்ற சொல்லே ஆறாவது வரியில்தான் வரும். ஒருமுறை பெண் கொள்முதல் மேலாளருக்கும் சார் போட்டு அனுப்பியிருக்கிறேன். மரியாதை என்று நினைத்து எழுதியது, யாருக்கு எழுதுகிறோம் என்றுகூடப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொடுத்துவிட்டது.

இப்போது முதன்முதலாக எழுதும் மெயிலில் தலைப்பே இப்படித்தான்:

```
Totapuri mango pulp, aseptic, 14-16 Brix, FOB Chennai, July loading
```

ரகம், கிருமி நீக்கிய பேக்கிங், இனிப்பு அளவு, சென்னையில் கப்பலேற்றித் தரும் விலை, லோடு மாதம் எல்லாம் அந்த ஒரே வரியில். உள்ளே அவருடைய பெயர் போட்டு வணக்கம். ஊரில் நாம் சொல்லும் பெங்களூரா என்ற பெயரை அங்கே தேட மாட்டார்கள், அதனால் தோத்தாபுரி. அடுத்த வரியிலேயே சரக்கு: இருபதடி கன்டெய்னரில் 80 டிரம், டிரம்முக்கு 215 கிலோ, ஆக 17.2 டன். அப்புறம் விலை, அது எந்தத் தேதி வரை செல்லும் என்பது. ஒரு பக்க ஸ்பெக் ஷீட் மட்டும் இணைப்பு. பூச்சிமருந்து எச்சப் பரிசோதனை அறிக்கையை ஐரோப்பியர்கள் எப்படியும் கேட்பார்கள், தயாராக இருக்கிறது என்று நாமே சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் நம்முடைய உபசரிப்பு எங்கே என்று மாமா கேட்டார். வந்தவர் கேட்பதற்கு முன்னால் தண்ணீர் கொடுக்கிறோம் இல்லையா, அந்த ஒரு பக்க ஷீட்தான் அந்தத் தண்ணீர். கடைசி வரியில் மனசையும் வைக்கலாம்: "உங்கள் மாம்பழ, பேஷன்ஃப்ரூட் கலவைக்கு எங்கள் கூழின் புளிப்பு பொருந்துமா என்று சொல்லுங்கள், அதற்கேற்ற லாட்டிலிருந்து மாதிரி எடுக்கிறேன்." அவருடைய சரக்கைப் பார்த்து எழுதியது என்று அவருக்குத் தெரியும். பொதுவான நலம் விசாரிப்பைவிட இது நெருக்கம்.

முடியாததை இப்போது இப்படி எழுதுகிறேன்: "ஜூன் 10 முடியாது. ஜூலை 4 ஏற்றலாம். பழமும் இன்குபேஷனும் காரணம். முந்தித் தேவைப்பட்டால், போன சீசன் கூழ் 30 டிரம் இருக்கிறது, அதன் சோதனை அறிக்கை இணைத்திருக்கிறேன்." முதல் முறை இதை அனுப்பும்போது விரல் தயங்கியது, உண்மையிலேயே.

ஒன்று, இதை எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்துவிடாதீர்கள். சவூதி, ஏமன் பக்கம் போகிற மெயில்களில் சலாமும் நலம் விசாரிப்பும் முதலில் வருவதுதான் சரி. அங்கே அதை வெட்டினால் நாம்தான் முரடர்களாகத் தெரிவோம்.

புது மெயிலுக்கு ஒரு ஜெர்மன் நிறுவனத்திலிருந்து வந்த பதில் மொத்தமே இரண்டு வரி: மாதிரி இரண்டு கிலோ அனுப்புங்கள், முகவரி கீழே. நன்றி என்ற சொல்கூட இல்லை. மாமா படித்துவிட்டு, "ஏன்ப்பா, கோபமா இருக்காங்களா?" என்றார். இல்லை மாமா, முகவரி கொடுத்திருக்கிறார்கள் என்றேன். அன்று சாயங்காலமே மாதிரி பேக் செய்து, கூரியர் எண்ணை ஒரே வரியில் அனுப்பினோம்.