இரவில் எத்தனை முறை என்பதை விட, எவ்வளவு என்று பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். அறுபது, எழுபது வயதைத் தாண்டிய ஆண் ஒருவர் இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்தால், "புராஸ்டேட்டாகத்தான் இருக்கும்" என்று வீட்டில் உள்ளவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரம் அது சரிதான். ஆனால் புராஸ்டேட் மாத்திரை சாப்பிட்டும் இரவுத் தொல்லை குறையாதவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப்பை ஒழுங்காகவே வேலை செய்கிறது. இரவில் ஊறும் சிறுநீர்தான் அதிகம்.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். மில்லி லிட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று, ஒரு நோட்டு, பேனா போதும். மூன்று நாட்களுக்கு, ஒவ்வொரு முறையும் நேரத்தையும் அளவையும் எழுதுங்கள். என்ன குடித்தீர்கள், எப்போது குடித்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பலரும் தவறுவது ஒரே இடத்தில்தான். படுக்கப் போகுமுன் கழிப்பது பகல் கணக்கு. காலையில் கண் விழித்ததும் கழிப்பது இரவுக் கணக்கு, ஏனென்றால் அது இரவில் ஊறியது.

ஓர் உதாரணம். ஒருவர் பத்து மணிக்குப் படுக்கிறார். பன்னிரண்டுக்கு 300 மில்லி, இரண்டுக்கு 280, நான்கரைக்கு 250, காலை ஆறுக்கு 270. கூட்டினால் 1100 மில்லி. பகல் முழுவதும் கழித்தது 900. ஆக மொத்தம் 2000 மில்லியில் பாதிக்கு மேல் இரவில் வந்திருக்கிறது. வயதானவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே அதிகம் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு. ஒவ்வொரு முறையும் 250, 300 என்று தாராளமாகப் போவதால், இவருடைய சிறுநீர்ப்பையைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து அவருடைய கால்களைப் பார்க்க வேண்டும். மாலையில் கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது கட்டைவிரலால் பத்து நொடி அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா? விழுந்தால், நாள் முழுக்க உட்கார்ந்தும் நின்றும் காலில் தேங்கிய நீர் அங்கே இருக்கிறது. படுத்ததும் அது இரத்தத்துக்குத் திரும்புகிறது, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. இரவு பன்னிரண்டு மணிக்கு அவரை எழுப்புவது பெரும்பாலும் இந்த நீர்தான்.

அதற்கு வழி, அந்த நீரைப் பகலிலேயே வெளியேற்றிவிடுவது. பிற்பகலில் ஒரு மணி நேரம் படுத்து, கால்களை நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி தலையணைமேல் தூக்கி வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் காலை நீட்டுவது போதாது. படுக்கும் நேரத்துக்கு முன்பே எழுந்து ஓரிரு முறை கழித்துவிட வேண்டும் என்பதால், இதைப் பிற்பகலோடு முடித்துக்கொள்ளுங்கள். உணவில் உப்பைக் குறைப்பதும் உதவும். நீர் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அதை எப்போது சாப்பிடுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்கும் பிற்பகலுக்கு மாற்றினால் இரவு லேசாகிறது. அம்லோடிபின் போன்ற சில பிரஷர் மாத்திரைகளாலும் கால் வீங்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், மாற்று உண்டா என்று கேளுங்கள். படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றால், இதயத்தைச் சோதிக்க வேண்டும். பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் இரவுச் சிறுநீரைக் கூட்டும்.

நோட்டில் வேறு கதையும் வரலாம். இரவில் ஒவ்வொரு முறையும் 80, 100 மில்லிதான், தாரை மெலிந்திருக்கிறது, ஆரம்பிக்கவே நேரமாகிறது, முடித்த பிறகும் சொட்டுகிறது என்றால் புராஸ்டேட் பக்கம் பார்க்க வேண்டும். இவர்கள் ஒருமுறை கழித்து, இரண்டு நிமிடம் நின்று, மீண்டும் முயன்றால் மிச்சம் வரும். கடையில் வாங்கும் சில சளி மாத்திரைகள் இவர்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடும், கேட்டு வாங்குங்கள். நாள் மொத்தமே மூன்று லிட்டரைத் தாண்டினால் சர்க்கரையைப் பரிசோதியுங்கள்.

தண்ணீர்? படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே குடிப்பதை முடியுங்கள். மாலைக்குப் பிறகு டீ, காபி, மது வேண்டாம். ஆனால் பகல் தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் கெட்டியாகி எரிச்சலும் மலச்சிக்கலும்தான் மிஞ்சும்.

இரவில் எழும்போது கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள். வழியில் சிறு விளக்கு எரியட்டும், உட்கார்ந்தே கழியுங்கள். சிறுநீரில் இரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், தூக்கத்தில் தானாக ஒழுகுவது, இவற்றில் எது இருந்தாலும் மூன்று நாள் நோட்டுக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். அடிவயிறு வலித்துச் சிறுநீர் வரவே இல்லை என்றால், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.