எம்எம் கார்ட்ரிட்ஜைக் கழற்றி எம்சி மாட்டினால் சத்தம் ஏன் குறைகிறது?

வணக்கம் மக்களே, கோலாலம்பூரிலிருந்து பேசுகிறேன். செந்தூலில் இருக்கும் அண்ணன் ஒருவர் ரொம்ப நாளாக ஆர்டோஃபோன் 2எம் ரெட் என்ற எம்எம் கார்ட்ரிட்ஜ், அதாவது ரெக்கார்டின் பள்ளத்தைப் படிக்கும் ஊசித் தலை, வைத்து ரெக்கார்டு கேட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் அதைக் கழற்றிவிட்டு டெனான் டிஎல்-103 என்ற எம்சியை மாட்டினார். மறுநாளே போன். "தம்பி, வால்யூமை எவ்வளவு திருகினாலும் பாட்டு எங்கேயோ தூரத்தில் கேட்கிறது, உர்ருன்னு ஒரு இரைச்சல் வேற. கார்ட்ரிட்ஜ் போயிடுச்சா?" என்றார்.

போகவில்லை. கார்ட்ரிட்ஜ் நன்றாகத்தான் இருக்கிறது. கார்ட்ரிட்ஜின் சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜில், எம்எம்முக்கான உள்ளீட்டில் எம்சியைச் செருகியிருக்கிறார், அவ்வளவுதான். இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறோம்.

இரண்டுக்கும் உள்ளே இருப்பது காந்தமும் கம்பிச்சுருளும்தான். எது அசைகிறது என்பதில்தான் வித்தியாசம். எம்எம் என்றால் மூவிங் மேக்னட். ஊசி இருக்கும் மெல்லிய தண்டின் மறுமுனையில் குட்டிக் காந்தம் இருக்கும், அது ஆடும். சுருள் கார்ட்ரிட்ஜின் உடம்பில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அசையாத பொருளுக்கு எடை ஒரு பிரச்சினை இல்லை என்பதால் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றலாம். எம்சி, அதாவது மூவிங் காயிலில், காந்தம் நிலையாக இருக்கும், ஊசித் தண்டோடு சேர்ந்து சுருள் ஆடும். அங்கே கனமான சுருளை வைத்தால் ஊசியால் பள்ளத்தின் நெளிவைப் பின்தொடர முடியாது. அதனால் மயிரிழை போன்ற கம்பியைச் சில சுற்றுகள்தான் சுற்றுவார்கள்.

இந்தச் சுற்று எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி சொல்லப்போகும் எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

சுற்று குறைந்தால் மின்னழுத்தம் குறையும். 2எம் ரெட் தருவது 5.5 மில்லிவோல்ட். டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட். பதினெட்டில் ஒரு பங்கு! டெசிபெல்லில் சொன்னால் 25 குறைவு. எம்எம் உள்ளீடு பொதுவாக 40 டெசிபெல் பெருக்கும், அதாவது நூறு மடங்கு. 5.5 மில்லிவோல்ட் 550 ஆகிவிடும், ஆம்ப்ளிஃபயருக்கு அது போதும். 0.3 வெறும் 30 ஆகும். அண்ணன் வால்யூமைத் திருகுகிறார். பாட்டோடு சேர்ந்து ஃபோனோ ஸ்டேஜின் இரைச்சலும் நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் உறுமலும் அதே அளவுக்கு மேலே வருகின்றன. முன்பு பாட்டுக்கு அடியில் ஆழத்தில் கிடந்த இரைச்சல் இப்போது 25 டெசிபெல் மேலே வந்து காதுக்கு எட்டுகிறது. எம்சி உள்ளீடு 60 டெசிபெல், அதாவது ஆயிரம் மடங்கு பெருக்கும். 0.3 அப்போது 300 மில்லிவோல்ட் ஆகும். அண்ணனுடைய ஃபோனோ ஸ்டேஜின் பின்பக்கத்திலேயே எம்எம், எம்சி என்று ஒரு சுவிட்ச் இருந்தது. வால்யூமை முழுக்க இறக்கிவிட்டுத் தள்ளச் சொன்னேன், பாட்டு வந்துவிட்டது.

சரி, அளவு முடிந்தது. ஆனால் அந்தச் சுவிட்ச் பெருக்கத்தை மட்டும் மாற்றுவதில்லை. கார்ட்ரிட்ஜ் பார்க்கும் மின்தடையையும், அதாவது லோடையும், மாற்றுகிறது. எம்எம்முக்கு உலகம் முழுக்க 47 கிலோ ஓம். எம்சிக்குப் பெரும்பாலும் 100 ஓம், சில கருவிகளில் நாமே மாற்றிக்கொள்ளலாம்.

டிஎல்-103இன் சுருளுக்கே 40 ஓம் தடை உண்டு. அதை 100 ஓமில் இணைத்தால் 0.3 மில்லிவோல்ட்டை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். 140இல் 100 பங்குதான் உள்ளே போகும், கிட்டத்தட்ட 0.21 மில்லிவோல்ட். மூன்று டெசிபெல் அங்கேயே போய்விட்டது. 400 ஓம் வைத்தால் 0.27 கிடைக்கும். சுருள் தடையைப் போல் பத்து மடங்கு லோடு வை என்று சொல்லும் வழக்கம் இதனால்தான். அது சட்டம் இல்லை, தொடங்குவதற்கு ஒரு இடம். நான் டிஎல்-103க்கு 100இலிருந்து ஆரம்பித்து மேலே போய்ப் பார்க்கச் சொல்வேன்.

எம்சியில் கேபிளின் கொள்ளளவு, கெப்பாசிட்டன்ஸ், காதுக்கு எட்டும் எல்லைக்குள் ஒன்றும் செய்யாது. சுற்று குறைவு, அதனால் தூண்டல், இண்டக்டன்ஸும் மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்து அதிரும் இடம், அதாவது சத்தம் மேடாகத் தூக்கும் அதிர்வெண், மனிதக் காதைத் தாண்டி எங்கேயோ இருக்கிறது.

எம்எம்மில் கதையே வேறு. ஆயிரக்கணக்கான சுற்று என்பதால் 2எம் ரெட்டின் இண்டக்டன்ஸ் 700 மில்லிஹென்றி. இதோடு கேபிளின் கொள்ளளவும் ஃபோனோ ஸ்டேஜின் கொள்ளளவும் சேர்ந்து, நாம் கேட்கும் எல்லைக்குள்ளேயே அதிர்வு வந்துவிடும். மொத்தம் 150இலிருந்து 300 பிக்கோஃபாரட் வரை இருக்கட்டும் என்பது ஆர்டோஃபோன் சொல்வது. 250 என்று வைத்துக் கணக்குப் போட்டால் அதிர்வு 12 கிலோஹெர்ட்ஸில் விழுகிறது, மேடு ஒரு டெசிபெல் கூட இல்லை. நீளமான கேபிள் போட்டு 450 ஆக்கினால் அது 9 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். அதற்குச் சற்றுக் கீழே இரண்டு டெசிபெல்லுக்கு மேல் மேடு எழும், அதைத் தாண்டியதும் சரசரவென்று விழும்.

காதில் எப்படித் தெரியும்? பாடகர் "ச", "ஸ" சொல்லும்போது உறைக்கும், தாளத்தின் சிணுங்கல் முன்னால் துருத்தும், ஆனால் அதற்கு மேலே இருக்க வேண்டிய மெல்லிய உச்ச ஒலி இருக்காது. பழைய எல்பியைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். அண்ணனும் 2எம் ரெட் வைத்திருந்தபோது இளையராஜா ரெக்கார்டுகள் "கூசுது" என்று சொல்லியிருந்தார். அலமாரியைத் தள்ளிப் போட்டு நீளக் கேபிள் மாற்றிய பிறகுதான் அது ஆரம்பித்ததாம். கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால், கேபிளை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு, நடு முனைக்கும் வெளி வளையத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். மீட்டர் காட்டுவதோடு டோன் ஆர்மின் உள்கம்பிக்கும் ஃபோனோ ஸ்டேஜுக்கும் உரியதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தலைகீழாக, எம்எம் கார்ட்ரிட்ஜை எம்சி உள்ளீட்டில் விட்டால்? சத்தம் அலறும், உருக்குலையும் என்று பலர் சொல்வார்கள். அந்த எம்சி உள்ளீடு 47 கிலோ ஓம் என்றால் அப்படித்தான். 100 ஓமாக இருந்தால் அலறாது, மாறாக மந்தமாகிவிடும். 2எம் ரெட்டின் சுருள் தடை 1.3 கிலோ ஓம், அதன் முன் 100 ஓம் ஒன்றுமே இல்லை. சுமார் 300 ஹெர்ட்ஸைத் தாண்டியதுமே சத்தம் சரிய ஆரம்பிக்கும். கம்பளம் போர்த்திய மாதிரி கேட்டால் முதலில் சுவிட்சைப் பாருங்கள்.

அப்புறம், பெயரில் எம்சி என்று பார்த்தவுடன் சுவிட்சைத் தள்ளிவிடாதீர்கள். டெனான் டிஎல்-110 எம்சிதான், ஆனால் 1.6 மில்லிவோல்ட் தரும், 47 கிலோ ஓம்தான் கேட்கும். அது எம்எம் உள்ளீட்டிலேயே போகும். பெட்டியில் இருக்கும் தாளில் மில்லிவோல்ட்டையும் லோடையும் பார்த்துவிட்டு மாட்டுங்கள். உங்களிடம் இருக்கும் கார்ட்ரிட்ஜும் ஃபோனோ ஸ்டேஜும் எது என்று கீழே எழுதினால் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.